‘சானிட்டி செக்’: மனநலச் சோதனையும் அல்ல, மதிப்புச் சரிபார்ப்பும் அல்ல

மதுரைப் பங்குத் தரகு அலுவலகங்களில் புழங்கும் பயிற்சித் தாள்களில் ‘சானிட்டி செக்’ என்பதற்கு ‘மனநலச் சோதனை’ என்று போட்டிருக்கிறார்கள். ‘சானுஸ்’ என்ற லத்தீன் வேருக்கு நலமான, தெளிவான என்று பொருள். அகராதியில் அதை மட்டும் பார்த்துவிட்டு எழுதியது இது. ஆர்டரைக் கணினியில் அடிக்கும் டீலரின் மனநலத்தை யாரும் இங்கே சோதிக்கவில்லை. ஆர்டர் சந்தைக்குப் போகுமுன் அதன் விலையும் எண்ணிக்கையும் நடக்கக்கூடியவைதானா என்று கணினி பார்க்கிறது, அவ்வளவுதான்.

இதற்குப் போட்டியாக வந்திருக்கும் ‘ஆர்டர் மதிப்புச் சரிபார்ப்பு’ பார்வைக்கு ஒழுங்காக இருப்பதால் இன்னும் கெடுதல். 1,600 ரூபாய்ப் பங்கில் 50 விற்கச் சொல்கிறார் மேலமாசி வீதி வாடிக்கையாளர். டீலர் கட்டம் மாற்றி 1,600 பங்கு, விலை 50 என்று அடித்துவிடுகிறார். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: சரியான ஆர்டருக்கும் 80,000, தவறானதற்கும் 80,000. மதிப்பை மட்டும் சரிபார்த்தால் தவறு தெரியவே தெரியாது.

டோக்கியோவில் 2005 டிசம்பர் 8 அன்று நடந்தது இதேதான். அன்றுதான் ஜே-காம் என்ற நிறுவனத்தின் பங்கு பட்டியலுக்கு வந்தது. மிசுஹோ செக்யூரிட்டீஸ் என்ற தரகு நிறுவனம் 1 பங்கை 6,10,000 யென்னுக்கு விற்க வேண்டியது, 6,10,000 பங்கை 1 யென்னுக்கு விற்பதாகப் போய்விட்டது. பெருக்குத்தொகை மாறவில்லை. ஜே-காம் வெளியிட்டிருந்த மொத்தப் பங்குகளே சுமார் 14,500தான். மிசுஹோவுக்கு நட்டம் ஏறத்தாழ 4,000 கோடி யென்.

ஆகவே அடித்த விலையால் பெருக்கக் கூடாது, சந்தை விலையால் பெருக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 1,600 பங்கை 1,600 ரூபாயால் பெருக்கினால் 25,60,000 வரும். வாடிக்கையாளரின் வழக்கமான வரம்பு ஒரு லட்சமென்றால் ஆர்டர் அங்கேயே நிற்கும். மார்க்கெட் ஆர்டரில் அடித்த விலை என்று ஒன்று இல்லாததால் கடைசியாக வியாபாரமான விலைதான் கணக்கு. முதல் நாள் பட்டியலாகும் பங்குக்கு அதுவும் இராது. வெளியீட்டு விலையை வைத்துக்கொள்ள வேண்டும். இதோடு, விலை சந்தையிலிருந்து எவ்வளவு விலகலாம், எண்ணிக்கை எவ்வளவு போகலாம் என்பதற்குத் தனித்தனி வரம்பும் தேவை.

‘சரிபார்ப்பு’ என்ற சொல்லில் இன்னொரு குறை, பார்த்த பிறகு என்ன நடக்கும் என்று அது சொல்வதில்லை. மிசுஹோ டீலரின் திரையிலும் எச்சரிக்கை வந்தது. அதைத் தாண்டித்தான் ஆர்டர் போனது. நம் ஊரில் ஆளை வழியில் நிறுத்துவதை ‘மறிப்பது’ என்கிறோம். சரியான தமிழ் ‘வரம்பு மறிப்பு’. டீலர் ஓ.கே. அழுத்திக் கடந்துவிடக்கூடியதை ‘வரம்பு எச்சரிக்கை’ என்று தனியே எழுத வேண்டும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், ஆர்டர்களின் அபாயத்தைக் கண்காணிக்கும் தன் ஆர்.எம்.எஸ். மென்பொருளில் இருப்பது எது என்று தரகருக்கே தெரியாது.