‘இவங்க என் ஃப்ரெண்ட்’

போன வாரம் ஆலோசனைக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து போனை எடுத்து என் பக்கம் தள்ளினார். “நீங்களே பாருங்க மேடம். மொத்தம் 212 படம். ஒன்றில்கூட நான் இல்லை.” இந்த மாதம் இப்படிப் போனைத் தள்ளிய மூன்றாவது ஆள் இவர். ஒவ்வொருவருக்கும் ஒரே விஷயத்தைத் தனித்தனியாகச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன். (விவரங்களை மாற்றியிருக்கிறேன். யாரும் தன்னைத் தேட வேண்டாம்.)

காதலரோடு பழக ஆரம்பித்து இரண்டு வருடம் நான்கு மாதம். இருவரும் சேர்ந்து போன பயணத்தின் படங்கள் காதலரின் சமூக ஊடகப் பக்கத்தில் இருக்கின்றன. கடல் இருக்கிறது, அவர் இருக்கிறார், இந்தப் பெண் எடுத்த படங்கள்கூட இருக்கின்றன. எடுத்தவர் மட்டும் இல்லை. அதையாவது பொறுத்துக்கொண்டேன் என்றார். உடைந்தது வேறோர் இடத்தில். காதலருடைய நண்பரின் பிறந்தநாளுக்குப் போயிருக்கிறார்கள். யாரோ “இவங்க?” என்று கேட்க, அவர் யோசிக்கவே இல்லையாம். “என் ஃப்ரெண்ட்.” திரும்பி வரும்போது வண்டியில் கேட்டதற்கு வந்த பதில், “நான் ரொம்ப ப்ரைவேட்டான ஆளு, உனக்குத்தான் தெரியுமே.”

இந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு எரிச்சல். ப்ரைவேட்டான ஆள் என்றால் என்ன என்பதைப் பலர் தப்பாகவே பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தரங்கம் பேணுகிறவர் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குத்தான் மூடி வைப்பார். சம்பளம், சண்டை, நோய், துக்கம் எதுவும் வெளியே வராது. அந்த வரிசையில் காதலும் வராது. இந்தப் பெண்ணிடம் ஒரு தாளைக் கொடுத்து, காதலர் ஊருக்கெல்லாம் சொன்னவற்றை எழுதச் சொன்னேன். அப்பாவின் மறைவு, முழங்கால் அறுவை சிகிச்சை, பதவி உயர்வு, வீட்டு உரிமையாளரோடு நடந்த தகராறு, அக்கா மகனின் மதிப்பெண். தாள் நிரம்பிவிட்டது. அடுத்து, சொல்லாதவை என்று எழுதச் சொன்னேன். ஒரே ஒரு வரிதான் வந்தது. முழங்காலைக்கூடப் படம் எடுத்துப் போட்டவர் ப்ரைவேட்டான ஆள் இல்லை. அவர் ஒன்றை மட்டும் மறைக்கிறார்.

இதற்கு நேர்மாறாக, போன மாதம் வந்த ஓர் ஆண். தன் காதலி தன் படத்தை ஒருமுறைகூடப் போட்டதில்லை என்று தூக்கம் கெட்டுப் போயிருந்தார். அவள் பக்கத்தைப் பார்த்தால் ஆறு வருடத்தில் மூன்று படம், அதில் இரண்டு பூனை. “அவள் தங்கைக்கு உங்களைத் தெரியுமா?” என்றேன். தெரியும். அவள் வர நேரமானால் அவளுடைய தோழிகள் யாருக்குப் போன் செய்வார்கள்? “எனக்குத்தான்.” அரை மணி நேரத்தில் அனுப்பிவிட்டேன். இவருக்கு ஒரு குறையும் இல்லை.

ஆக, படத்தை எண்ணாதீர்கள். நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது எந்தச் சொல் வருகிறது, நீங்கள் இல்லாதபோது யாருக்கெல்லாம் உங்களைத் தெரியும் என்று பாருங்கள். பழகி இரண்டு மாதம்தான் ஆகிறது என்றால் ‘ஃப்ரெண்ட்’ என்ற சொல்லில் ஒன்றும் இல்லை, விட்டுவிடுங்கள்.

“ஒரு படமாவது போடு” என்று சண்டை போடுவதையும் நிறுத்துங்கள். அந்த 212 படப் பெண்ணும் அப்படிச் சண்டை போட்டார். மறுநாளே காதலரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருவர் படமும் வந்தது. இரண்டு நாள் பறந்திருக்கிறார். பிறகு இருவருக்கும் பொதுவான ஒரு தோழி, “அப்படி எதுவும் எனக்கு வரலையே” என்றிருக்கிறார். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போடும்போது Only share with என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருக்கு மட்டும் காட்டலாம். பார்ப்பவருக்கு அந்தப் பட்டியல் தெரியாது. இன்ஸ்டாகிராமில் Close Friends என்றால் பச்சை வளையமாவது காட்டிக்கொடுக்கும். அந்தப் பட்டியலில் எத்தனை பேர் என்பது அங்கும் தெரியாது. கெஞ்சி வாங்கிய படத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

“ஆரம்பத்தில் அந்த ரகசியமே நன்றாக இருந்தது மேடம்” என்று பலர் வெட்கத்தோடு சொல்வார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. 1994இல் உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடன் சேர்ந்தவர்களும், முன்பின் அறியாத ஆண்களையும் பெண்களையும் சீட்டு விளையாட உட்கார வைத்து, மேசைக்கு அடியில் பாதத்தால் பாதத்தைத் தொட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மற்றவர்களுக்குத் தெரியாமல் தொட்டவர்களுக்குத்தான் ஈர்ப்பு கூடியது. ஆனால் அது ஓர் ஆட்டம் முடிகிற நேரம்தான். 2009இல் உளவியலாளர் ஜஸ்டின் லேமில்லர் நிஜமான ரகசிய உறவுகளை ஆராய்ந்தபோது அங்கே ஈடுபாடு குறைவாகவும் உடல்நலக் குறைகள் அதிகமாகவும் இருந்தன. ரகசியம்தான் காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் அறைக்கு வருகிறவர்கள் யாரும் அந்த மேசையடி ஈர்ப்பைப் பற்றிப் பேச வருவதில்லை.

மூன்று கேள்வி கேளுங்கள். யாருக்குத் தெரியக் கூடாது? ஏன்? எதுவரை? சண்டைக்கு நடுவில் வேண்டாம், சாதாரணமான ஒரு மாலையில் கேளுங்கள். ஒருவர் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது: “விவாகரத்து வழக்கு முடிகிறவரை என் கணவர் வீட்டுக்குத் தெரியக் கூடாது, வக்கீல் சொல்லியிருக்கிறார். என் அண்ணனுக்கும் இரண்டு தோழிகளுக்கும் உன்னைப் பற்றித் தெரியும்.” இதில் ஆள் இருக்கிறது, காரணம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. மறைப்பதை இருவரும் சேர்ந்து சுமக்கிறார்கள். “என் மேல நம்பிக்கை இல்லையா?” என்று கேள்வியே பதிலாக வந்தால் மூன்றில் ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். நாள் சொல்லி, அந்த நாள் இரண்டு முறை தள்ளிப்போனாலும் அப்படியே.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். வெளியே தெரிந்தால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று உங்கள் துணை சொன்னால் அவசரப்படுத்தாதீர்கள். கோபத்தில் அவரை டேக் செய்து படம் போடாதீர்கள். போட்ட படத்தை அழிக்கலாம், பார்த்தவர்களை ஒன்றும் செய்ய முடியாது. வேறு பெயரில் கணக்குத் தொடங்கி வேவு பார்ப்பதும் வேண்டாம்.

உங்கள் பக்கமாவது ஒருவருக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும். துணையின் பக்கம் ஒரே ஒருவரிடமாவது உங்கள் எண் இருக்க வேண்டும். என்னிடம் வந்த ஒரு பெண், போனை எடுக்காத காதலன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று நான்கு நாள் அழுதிருக்கிறார். அவன் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தான். அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த ஆள் ஒருவர்கூட அங்கே இல்லை.

212 படங்களோடு வந்த பெண் நேற்று மறுபடி வந்தார். மூன்றையும் கேட்டுவிட்டாராம். முதல் இரண்டுக்கும் மழுப்பல். மூன்றாவதற்கு, 14ஆம் தேதி தன் அக்கா வீட்டுக்குக் கூட்டிப்போவதாகக் காதலர் சொல்லியிருக்கிறார். “அங்கேயும் ஃப்ரெண்ட் என்றே சொன்னால்?” என்று கேட்டார் இந்தப் பெண். அங்கே வைத்து எதுவும் பேச வேண்டாம், ஆனால் வண்டியில் ஏறியதும் பேசாமலும் இருக்க வேண்டாம் என்றேன். அடுத்த சந்திப்பை 16ஆம் தேதிக்குக் குறித்துக்கொண்டு போயிருக்கிறார்.