சிவந்த காலும் பேனாக் கோடும்

அவர் உள்ளே வரும்போதே வலது காலை முழுதாக ஊன்றவில்லை. 56 வயது. முந்தின நாள் சாயங்காலம் உடம்பைத் தூக்கிப் போடுகிற மாதிரி குளிர் நடுக்கம், அப்புறம் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்று ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். காலையில் பார்த்தால் கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கும் டாக்டர்" என்றார்.

இரண்டு கால்களிலும் மாறி மாறிப் புறங்கையை வைத்துப் பார்த்தேன். இடது கால் சாதாரணமாக இருந்தது, வலது கால் கொதித்தது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தபோது, சுண்டுவிரலுக்கும் அதற்கடுத்த விரலுக்கும் நடுவே தோல் வெள்ளையாக ஊறிப்போய் ஒரு சிறிய வெடிப்பு. சேற்றுப்புண். கிருமி நுழைந்த வழி அநேகமாக அதுதான்.

இதற்குச் செல்லுலைட்டிஸ் என்று பெயர். தோலின் ஆழமான அடுக்கிலும் அதன் அடியில் உள்ள கொழுப்பிலும் பாக்டீரியா பரவுகிற நோய். பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், சில சமயம் ஸ்டஃபைலோகாக்கஸ். சிவப்பு தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிடலாம், இவருக்கு வந்ததைப் போல. அநேகமாக ஒரு காலில்தான் வரும். இரண்டு கால்களும் ஒரே மாதிரி நாள்கணக்கில் சிவந்திருந்தால் நாங்கள் முதலில் ரத்தக்குழாய்க் கோளாறு போன்ற வேறு காரணங்களைத் தேடுவோம். கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது, சிவப்பு அவ்வளவாக இல்லை என்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கிறதா என்ற கேள்வி வரும். அதையும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

கறுத்த தோலில் சிவப்பு சிவப்பாகவே தெரியாது. ஊதாவாகவோ, கரும்பழுப்பாகவோ, வெறும் பளபளப்பாகவோ இருக்கும். அப்போது கண்ணைவிடப் புறங்கையை நம்புங்கள். மற்ற காலோடு ஒப்பிட்டால் சூடும் வீக்கமும் தெரிந்துவிடும்.

அவரைப் படுக்க வைத்து, காலைத் தலையணை மேல் சில நிமிடங்கள் உயர்த்தி வைத்துவிட்டு, சிவப்பு பரவுகிறதா என்று பார்க்க அதன் ஓரத்தில் கோடு போடப் பேனாவை எடுத்தேன். உயர்த்தி வைப்பதற்குக் காரணம் உண்டு. தொங்கிக்கொண்டிருக்கும் காலில் ரத்தம் இறங்கிச் சிவப்பு கூடுதலாகத் தெரியும். உட்கார்ந்தபடி ஒரு தடவை, படுத்தபடி ஒரு தடவை என்று பார்த்தால் ஒப்பீடே தப்பாகிவிடும். சிவப்பு முடிந்து நல்ல தோல் தொடங்குகிற ஓரத்திலேயே கோடு போட வேண்டும். முழு வளையமாக இழுக்க வேண்டியதில்லை. விட்டு விட்டுச் சின்னக் கோடுகள் போதும், வலிக்கிற தோலில் அதுதான் நல்லது. புண், கொப்புளம் மேலே பேனா படக்கூடாது. பக்கத்திலேயே தேதியும் நேரமும் எழுத வேண்டும். நேரம் இல்லாத கோட்டால் பரவும் வேகம் தெரியாது. ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், குளித்தால் மை அழிந்துவிடும்.

நான் 11 மணி என்று எழுதினேன். வாந்தி இல்லை, நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரியாக இருந்தன, சர்க்கரை நோய் இல்லை. அதனால் ஆண்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்து, காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

ராத்திரி 9 மணிக்கு அவருடைய மகள் போன் செய்தார். "டாக்டர், கோட்டைத் தாண்டிடுச்சு. ஒரு விரல் அகலம் இருக்கும். மருந்து வேலை செய்யலையா?"

காய்ச்சல் எப்படி, வலி கூடியதா குறைந்ததா, சாப்பிட்டாரா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டேன். காய்ச்சல் இறங்கியிருந்தது, வலி சற்றுக் குறைவு, கஞ்சி குடித்திருந்தார். பழைய கோட்டை அழிக்காமல் புதிய ஓரத்தில் இன்னொரு கோடு போட்டு நேரம் எழுதச் சொன்னேன். மருந்து தொடங்கிய முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் சிவப்பு கொஞ்சம் வெளியே போவது உண்டு. ஆள் தெளிவாக இருந்து, காய்ச்சலும் வலியும் இறங்கிக்கொண்டிருந்தால் அது பயப்படும் விஷயமில்லை. இரண்டு நாள் மருந்து உள்ளே போன பிறகும் ஓரம் நகர்ந்துகொண்டே இருந்தால் மறுபடி வந்தாக வேண்டும். இவருக்கு மறுநாள் காலை சிவப்பு இரண்டாவது கோட்டுக்குள் நின்றுவிட்டது. மூன்றாம் நாள் பளபளப்புப் போய்த் தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தது. அந்தச் சுருக்கத்தைப் பார்த்தால் எனக்கு நிம்மதி, வீக்கம் வடிகிறது என்று அர்த்தம்.

இன்னொரு அம்மாவின் விஷயத்தில் இதே கோடு ஏமாற்றியது. அவருக்கும் சிவப்பின் ஓரத்தில் கோடு போட்டிருந்தார்கள். சாயங்காலத்திலிருந்து வலி தாங்காமல் அழுதுகொண்டிருந்தார், இரண்டு முறை வாந்தி. வீட்டில் எல்லோரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தாண்டலை டாக்டர், அதான் காலையில வரலாம்னு இருந்தோம்" என்றார் மகன். கோட்டுக்கு வெளியே, நிறம் மாறாத இடத்தில் தொட்டேன். கட்டை மாதிரி இறுகியிருந்தது, தொட்டதுமே துடித்தார். நோய் தோலுக்கு அடியில் கோட்டைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. தசை உறையை அழிக்கும் தொற்று அது. அன்று ராத்திரியே அறுவைச் சிகிச்சை செய்து, அழுகிய திசுவை அகற்றினார்கள். கால் தப்பியது, ஆனால் பல வாரம் ஆனது.

மேல் தோலில் சிவப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது மட்டும்தான் கோட்டில் தெரியும். ஆழம் தெரியாது. பார்ப்பதற்குக் கொஞ்சம்தான் சிவப்பு, வலியோ உயிர் போகிறது என்றால் கோடு எங்கே இருந்தாலும் சரி, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டி வேகமாகப் பரவினாலும், ஊதா அல்லது கறுப்புத் திட்டு, கருநீர் கோத்த கொப்புளம், மரத்துப்போன தோல், அழுத்தினால் உள்ளே நறநறவென்ற உணர்வு, இவற்றில் எது இருந்தாலும் அப்படித்தான். ஆள் குழம்பிப் பேசுவது, மூச்சு வாங்குவது, தலைசுற்றி மயங்குவது, சிறுநீர் வெகுவாகக் குறைவது, இவை தொற்று ரத்தத்தில் கலந்து உடம்பு தடுமாறுவதன் அடையாளம். ராத்திரி இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர்கள் வலியை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோய், உள்ளே தீவிரமாக இருந்தும் வலி தெரியாமல் போகலாம். அவர்களும், ஸ்டீராய்டு, புற்றுநோய் மருந்து எடுப்பவர்களும், ஏற்கெனவே கால் வீக்கம் உள்ளவர்களும் சிவப்பைப் பார்த்த அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களுக்கும், வீட்டில் கோடு போட்டுவிட்டு மருந்தே இல்லாமல் இரண்டு நாள் கவனிப்பது சரியான வழியில்லை. மருத்துவரிடம் போகும்வரைக்கும், போய் வந்த பிறகும் கணக்கு வைத்துக்கொள்ளத்தான் கோடு. அதுவரை காலை நீவி விடாதீர்கள், ஒத்தடம் கொடுக்காதீர்கள், வீட்டில் மீந்து கிடக்கும் ஆண்டிபயாட்டிக்கை எடுத்துப் போடாதீர்கள்.

முதலில் சொன்னவர் ஏழு நாள் மருந்தை முடித்துவிட்டு வந்தார். தோல் கொஞ்சம் உரிந்து, நிறம் மட்டும் மங்கலாகக் கறுத்திருந்தது. அது மாற இன்னும் சில வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, மறுபடி அந்தச் சுண்டுவிரலை விரித்துப் பார்த்தேன். வெடிப்பு அப்படியே இருந்தது. பூஞ்சைக்கான களிம்பை எழுதிக் கொடுத்து, புண் ஆறியது போலத் தெரிந்தாலும் சொன்ன நாள்வரை தடவ வேண்டும், குளித்ததும் விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும் என்று மகளிடமும் சேர்த்தே சொன்னேன். அந்த வெடிப்பு திறந்திருக்கும்வரை இதே காலில் இதே நோய் திரும்ப வரலாம்.