வீட்டுக்குள் சிக்னல் இல்லையா? எக்ஸ்டெண்டரா பூஸ்டரா என்று முடிவு செய்யும் முன்

அமெரிக்காவில் பேஸ்மென்ட்டில் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் படும் பாடு இது. ஜன்னலோரம் நின்றால்தான் பேச முடியும். செல்பேசி நிறுவனத்தை அழைத்தால், "உங்கள் பகுதியில் கவரேஜ் நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். கடைக்குப் போனால் கையில் இருக்கும் ஏதோ ஒரு பெட்டியை விற்றுவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வைஃபை எக்ஸ்டெண்டரைக் கட்டியனுப்பிவிட்டார்கள். அது வீட்டு இணையத்தை அடுத்த அறைக்குக் கொண்டுபோகும் கருவி. செல்பேசி சிக்னலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இந்த வேலையைச் செய்யும் கருவிகள் இரண்டு. நெட்வொர்க் எக்ஸ்டெண்டர் என்பது வெரைசன் போன்ற செல்பேசி நிறுவனம் தன் வாடிக்கையாளருக்குத் தரும் குட்டிக் கோபுரம். அது உங்கள் பிராட்பேண்ட் இணைப்பு வழியாக நிறுவனத்தின் வலையமைப்பைத் தொடும். பூஸ்டருக்கு இணையம் வேண்டாம். வெளியே ஓர் ஆன்டெனா பிடிக்கும் சிக்னலைப் பெருக்கி, உள்ளே இன்னொரு ஆன்டெனா வழியாகப் பரப்பும். பூஸ்டருக்கான விதிகளை அமெரிக்கத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்.சி.சி. 2013-ல் வகுத்தது. 2014 மார்ச் முதல் அந்தத் தரத்துக்கு உட்பட்டவற்றை மட்டுமே வீட்டு உபயோகத்துக்கு விற்கலாம். பின்னணி இவ்வளவு போதும்.

காசைக் கொடுக்கும் முன் வெளியே போய் சிக்னலை அளந்து பாருங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஐபோனில் *3001#12345#* என்று அழைத்தால் ஒரு சோதனைத் திரை வரும். அதில் சிக்னல் வலிமையைக் காட்டும் RSRP என்ற வரியைத் தேடுங்கள். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் செட்டிங்ஸில், போனைப் பற்றிய பகுதியில், சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலிமை இருக்கும். எண் மைனஸில்தான் வரும். மைனஸ் 85 நல்ல சிக்னல், மைனஸ் 105 பலவீனம், மைனஸ் 120-ஐத் தொட்டால் பேச்சு அறுந்துகொண்டே இருக்கும்.

மேலே சொன்ன குடும்பத்தின் வீட்டில் பேஸ்மென்ட்டில் மைனஸ் 119, வாசல் படியில் மைனஸ் 96 காட்டியது. வெளியே ஓரளவு சிக்னல் இருக்கிறது, சுவர்தான் அதைத் தின்கிறது என்று இதற்குப் பொருள். இங்கே பூஸ்டர் வேலை செய்யும். வெளியிலும் மைனஸ் 118 என்று காட்டியிருந்தால் பெருக்குவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. அப்போது எக்ஸ்டெண்டர்தான் வழி. இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே பூஸ்டரை விற்கும் கடைகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அந்த வீட்டில் எக்ஸ்டெண்டர் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்பாவுக்கு ஒரு நிறுவனத்தின் சிம், மகனுக்கு வேறொன்று. எக்ஸ்டெண்டர் தன் நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு மட்டுமே பயன்படும். பொதுவான பூஸ்டர் எல்லா நிறுவனங்களின் சிக்னலையும் பெருக்கும்.

இனி விதி. பூஸ்டர் பெட்டியின் மேலும் கருவியின் மேலும் "கன்ஸ்யூமர் டிவைஸ்" என்று தொடங்கும் எச்சரிக்கை அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பயன்படுத்தும் முன் உங்கள் செல்பேசி நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும், அதன் சம்மதமும் வேண்டும் என்று அந்த எச்சரிக்கை சொல்கிறது. படித்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். விதிக்கு உட்பட்ட வீட்டு பூஸ்டர்களுக்குப் பெரிய நிறுவனங்கள் ஏற்கெனவே ஒட்டுமொத்தமாகச் சம்மதம் தந்திருக்கின்றன. மிச்சம் இருப்பது பதிவு மட்டும்தான், அதற்குக் கட்டணம் கிடையாது.

அலைக்கழிப்பு இங்கேதான் தொடங்கும். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்கு இப்படி ஒரு பதிவு உண்டு என்பதே தெரியாது. கடைக்குப் போகச் சொல்வார். கடையில், சேவை எண்ணை அழைக்கச் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் மாட்டிக்கொள்ளாதீர்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் பூஸ்டர் பதிவுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது. பெயர், முகவரி, செல்பேசி எண், தயாரிப்பாளர், மாடல், வரிசை எண் ஆகியவற்றை நிரப்பினால் முடிந்தது. உறுதிப்படுத்தும் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். வீட்டில் இரண்டு நிறுவனங்களின் சிம் இருந்தால் இரண்டிலும் பதிவு செய்ய வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

நிறுவனமோ எஃப்.சி.சி.யோ அணைக்கச் சொன்னால் உடனே அணைத்தாக வேண்டும். வெளி ஆன்டெனாவையும் உள் ஆன்டெனாவையும் அருகருகே வைத்தால், மைக் முன்னால் ஸ்பீக்கரை வைத்ததுபோல ஒன்றின் சத்தத்தை மற்றது வாங்கிக் கத்தத் தொடங்கும். தரமான பூஸ்டர் அதை உணர்ந்து தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். விளக்கு சிவப்பாக மாறி சிக்னல் ஏறவில்லையென்றால் கருவி பழுது என்று திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் ஆன்டெனாக்களைத் தள்ளி வையுங்கள், இடையில் ஒரு தளமோ சுவரோ இருக்கட்டும். வாடகை வீடு என்றால், வெளியே ஆன்டெனா மாட்ட வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

விளம்பரத்தில் "எல்லா நிறுவனங்களுக்கும், 100 டெசிபல்" என்று வந்தால் விலகி நில்லுங்கள். பொதுவான வீட்டு பூஸ்டர் சிக்னலைப் பெருக்க விதி அனுமதிக்கும் உச்சம், அலைவரிசையைப் பொறுத்து ஏறத்தாழ 65 முதல் 72 டெசிபல்தான். 100 வரை போக ஒரே நிறுவனத்துக்கான பூஸ்டருக்கு மட்டுமே இடமுண்டு.

எக்ஸ்டெண்டருக்கு இந்தப் பதிவுத் தலைவலி இல்லை. அது நிறுவனத்தின் உரிமத்தின் கீழ் இயங்குகிறது. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. அது தான் இருக்கும் இடத்தை ஜி.பி.எஸ். மூலம் உறுதி செய்துகொள்ளாமல் இயங்காது. பேஸ்மென்ட்டின் நடுவில் வைத்தால் ஜி.பி.எஸ். விளக்கு நிலைக்கவே நிலைக்காது. ஜன்னலோரம் வைக்க வேண்டும், அல்லது கூடவே வரும் ஜி.பி.எஸ். ஆன்டெனா கம்பியை ஜன்னல்வரை நீட்ட வேண்டும். முதல் முறை ஒரு மணி நேரம்கூட ஆகலாம், பொறுத்திருங்கள்.

ஜி.பி.எஸ். பிடித்தும் இணையவில்லையென்றால் ரூட்டரைப் பாருங்கள். எக்ஸ்டெண்டர் பேசுவது, ரூட்டரில் தகவல் போய்வரும் யு.டி.பி. 500, 4500 ஆகிய எண்ணுள்ள வாசல்கள் வழியாக. ரூட்டரின் பாதுகாப்பு அமைப்பு அவற்றை அடைத்திருந்தால் கருவி முயன்றுகொண்டே இருக்கும். செல்பேசி நிறுவனம் "உங்கள் இணையத்தில் கோளாறு" என்று சொல்லும். இணைய நிறுவனம் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்று சொல்லும். இரண்டுக்கும் இடையில் நிற்பவர் நீங்கள். வாசல் எண்களைச் சொல்லி, அவை திறந்திருக்கின்றனவா என்று இணைய நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள். பொத்தாம்பொதுவாகப் புகார் சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பழைய எக்ஸ்டெண்டர்களை வாங்காதீர்கள். ஏடி அண்ட் டி நிறுவனத்தின் மைக்ரோசெல்லும் வெரைசனின் பழைய 3ஜி கருவிகளும் இன்று வெறும் பிளாஸ்டிக். அந்த 3ஜி சேவைகள் 2022-லேயே நிறுத்தப்பட்டுவிட்டன.

அவசர அழைப்பை மறந்துவிடாதீர்கள். புயலில் இணையக் கம்பி அறுந்தால் எக்ஸ்டெண்டர் செத்துவிடும், மின்சாரம் இருந்தாலும்கூட. பூஸ்டர் அப்போதும் வேலை செய்யும். ஆனால் பூஸ்டர் வழியாக 911-ஐ அழைத்தால் நீங்கள் இருக்கும் இடம் சரியாகப் போய்ச் சேராமல் இருக்கலாம் என்று அந்த எச்சரிக்கையிலேயே இருக்கிறது. வீட்டில் முதியவர் தனியாக இருந்தால், எது வாங்கினாலும், வாய்திறந்ததும் முகவரியைச் சொல்லப் பழக்குங்கள்.

இரண்டில் எதையும் வாங்கும் முன், அழைப்பை வீட்டு வைஃபை வழியாகவே அனுப்பும் வைஃபை காலிங்கைப் போனில் இயக்கிப் பாருங்கள். நல்ல பிராட்பேண்ட் இருக்கும் பல வீடுகளில் அதுவே போதும், காசும் மிச்சம். கடையில் இதை யாரும் முதலில் சொல்வதில்லை. இயக்கும்போது கேட்கும் அவசர முகவரியில் இப்போதைய வீட்டைக் கொடுங்கள், வீடு மாறினால் மாற்றுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது பூஸ்டரைப் பெட்டியில் போட்டு எடுத்துச் செல்லாதீர்கள். இந்தியாவில் உரிமம் பெற்ற தொலைபேசி நிறுவனங்கள் தவிர, தனியார் அதை வைத்திருப்பதே சட்டவிரோதம்.

செல்பேசி நிறுவனம் பதிவை ஏற்க மறுத்தாலோ, எக்ஸ்டெண்டர் விஷயத்தில் இழுத்தடித்தாலோ, consumercomplaints.fcc.gov தளத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டாம். எஃப்.சி.சி. அதை நிறுவனத்துக்கு அனுப்பும், நிறுவனம் 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். எந்தத் தேதியில் யாரிடம் பேசினீர்கள், அளந்த எண் என்ன என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள்.