அப்பர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்?

தேவார மூவரைப் பற்றிய 300 பக்க ஆய்வு நூல் ஒன்று அச்சுக்குப் போகத் தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்க எண்கள் உறுதியாகிவிட்டன. எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் பேசப்படுகிறது என்று காட்டும் பொருளடைவைத் தயாரிக்கிறவருக்கு வேலை அப்போதுதான் சூடு பிடிக்கும். நூலின் கடைசியில் பத்துப் பதினைந்து பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். கையில் சில வாரங்கள்தான் இருக்கும்.

பிடிஎஃப் கோப்பில் தேடினால் எல்லாம் வந்துவிடுமே, இதற்கு ஓர் ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நம்பியாரூரர் என்கிற சுந்தரரைத் தேடி ‘நம்பி’ என்று தட்டிப் பாருங்கள். சுந்தரர் வருவார், நம்பியாண்டார் நம்பியும் வருவார், ‘அந்தச் செய்தியை நம்பி’ என்று எழுதிய வரியும் வந்து நிற்கும். இது வேண்டாதது வந்து குவியும் தொல்லை. வேண்டியது வராமல் போவது அதைவிட மோசம். சமணத் துறவியாக இருந்த தருமசேனர் திருவதிகையில் சூலை நோய் நீங்கிச் சைவத்துக்குத் திரும்பியதை ஆசிரியர் ஆறு பக்கம் எழுதியிருப்பார். அந்த ஆறு பக்கத்திலும் ‘மதமாற்றம்’ என்ற சொல்லே இல்லாமல் இருக்கலாம். மதமாற்றம் பற்றிப் படிக்க வரும் ஆய்வாளர் கண்ணில் அவை படவே படாது. யாரோ ஒருவர் படித்துப் பார்த்து, இது மதமாற்றம் பற்றிய பகுதி என்று முடிவு செய்து எழுதி வைத்தால்தான் உண்டு.

13ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஹியூ என்ற டொமினிக்கன் துறவியின் தலைமையில் விவிலியம் முழுவதற்கும் சொல்லடைவு தயாரித்தார்கள். எந்தச் சொல் எங்கே வருகிறது என்று அது காட்டியது. எந்தப் பொருள் எங்கே பேசப்படுகிறது என்று காட்டுவது வேறு வேலை. நாம் பேசுவது அதைப் பற்றித்தான்.

முதல் சிக்கல் பெயர்கள். அப்பரையே எடுத்துக்கொள்வோம். பிறந்தபோது மருள்நீக்கியார், சமணத்தில் தருமசேனர், சைவத்துக்கு வந்ததும் திருநாவுக்கரசர். அப்புறம் வாகீசர் என்ற பெயரும் உண்டு. நூலாசிரியர் இடத்துக்கு ஏற்ப இவற்றில் எதையும் எழுதியிருப்பார். கண்ட பெயருக்கெல்லாம் பக்க எண் போட்டுக்கொண்டே போனால், அப்பருக்குக் கீழ் எட்டுப் பக்கம், திருநாவுக்கரசருக்குக் கீழ் பன்னிரண்டு பக்கம் என்று ஒரே ஆள் இரண்டாகப் பிரிந்துவிடுவார். ஒன்றை மட்டும் பார்த்த வாசகர் அவ்வளவுதான் இருக்கிறது என்று நினைத்துப் புத்தகத்தை மூடிவிடுவார். பொருளடைவில் மிக அதிகம் கெடுதல் செய்யும் பிழை இதுதான் என்பது என் எண்ணம், ஏனென்றால் வெளியே தெரியவே தெரியாது.

ஆகவே எண்கள் முழுவதும் ஒரே தலைப்பின் கீழ் இருக்க வேண்டும். நூல் எந்தப் பெயரை அதிகம் பயன்படுத்துகிறதோ அதுவே தலைப்பு. மற்ற பெயர்களுக்கு எதிரே ‘காண்க: அப்பர்’ என்று எழுதினால் போதும். ஒரு பெயருக்கு இரண்டு மூன்று எண்கள் மட்டுமே இருந்தால், வாசகரைப் பக்கம் புரட்ட விடாமல் இரண்டு இடத்திலும் எண்களையே கொடுத்துவிடலாம். ஆனால் இரண்டு இடத்திலும் அதே எண்கள் இருக்கின்றனவா என்று கடைசியில் ஒருமுறை ஒப்பிட வேண்டும்.

மத நூல்களில் இதைவிட நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது. ‘ஸ்கந்தன், காண்க: முருகன்’ என்று எழுதுவது மிக இயல்பாகத் தோன்றும். பக்தருக்கு இருவரும் ஒருவர்தான். ஆனால் தமிழ் நிலத்து முருகனும் வடக்கின் ஸ்கந்தனும் தனித்தனியாக இருந்து பிறகு ஒன்றாகக் கலந்தார்கள் என்று வாதிடும் நூலாக இருந்தால், ‘காண்க’ என்ற அந்த ஒரு சொல் ஆசிரியரின் வாதத்தையே மறுத்துவிடும். அங்கே இரண்டு தலைப்புகளும் தனித்தனி எண்களோடு நின்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ‘மேலும் காண்க’ என்று போக வேண்டும். ‘காண்க’ என்றால் இரண்டும் ஒன்று. ‘மேலும் காண்க’ என்றால் இரண்டும் உறவுடையவை. எதைப் போடுவது என்பதை நூலைப் படித்துத்தான் முடிவு செய்ய முடியும்.

சரி, அப்பரின் எண்களையெல்லாம் சேர்த்தாகிவிட்டது. நாற்பது எண்கள் வரிசையாக நிற்கின்றன. நாற்பது பக்கத்தையும் யார் புரட்டுவார்கள்? ஐந்தாறு எண்களைத் தாண்டினாலே துணைத்தலைப்புகளாகப் பிரிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான வழக்கம். பிரித்த பிறகு பதிவு இப்படி இருக்கும் (எண்கள் உதாரணத்துக்கு):

அப்பர் (திருநாவுக்கரசர்)
– உழவாரப் பணி, 61–63
– சம்பந்தருடன் சந்திப்பு, 70–72
– சமணத் துறவியாக, 41–44
– சைவத்துக்குத் திரும்புதல், 45–50
– தாண்டகப் பாடல்கள், 118–126
மேலும் காண்க: தேவாரம்; மதமாற்றம்

45–50 என்றால் ஆறு பக்கமும் தொடர்ந்து அதே பேச்சு. 45, 47, 50 என்றால் பேச்சு விட்டுவிட்டு வருகிறது. பெயர் மட்டும் போகிறபோக்கில் வரும் பக்கங்களை நான் சேர்ப்பதில்லை. ‘அப்பர் முதலிய அடியார்கள்’ என்ற வரியைத் தேடிப் போகிறவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. துணைத்தலைப்புகளில் ‘வாழ்க்கை’, ‘சிறப்பு’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களையும் தவிர்க்க வேண்டும். இந்த நூலில் ‘சைவம்’ என்ற தலைப்பின் கீழ் எல்லாவற்றையும் கொட்டுவதும் அதே போன்றதுதான். நூலே சைவத்தைப் பற்றியதாக இருக்கும்போது, அங்கே வேறு இடம் கிடைக்காத சில பொதுச் செய்திகள் மட்டும் இருந்தால் போதும்.

அடுத்தது, தலைப்பின் சொற்கள் யார் பக்கம் நிற்கின்றன என்ற கேள்வி. மதுரையில் சம்பந்தரிடம் வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறினார்கள் என்று 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம் சொல்கிறது. சம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. அப்படி நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நம் நூலாசிரியரும் இரு தரப்பையும் எடுத்துப் பேசியிருக்கிறார் என்று கொள்வோம். பொருளடைவில் ‘சமணர் – கழுவேற்றப்பட்டது’ என்று எழுதினால் அது நடந்தது என்று தீர்ப்புச் சொன்னதாகிவிடும். ‘கழுவேற்றக் கட்டுக்கதை’ என்றால் எதிர்த் தீர்ப்பு. ‘கழுவேற்றக் கதை’ என்று தலைப்பு வைத்து, கீழே ‘பெரியபுராணத்தில்’, ‘வரலாற்றாசிரியர் விவாதம்’ என்று பிரித்தால் நூல் சொன்னதை மட்டும் சொன்னதாகும். ‘சமணர்’ தலைப்பிலிருந்து அதற்கு ஒரு ‘மேலும் காண்க’ கட்டாயம் வேண்டும், ஏனென்றால் பலர் அங்கேதான் முதலில் தேடுவார்கள்.

மேற்கோள் பாடல்களுக்குத் தனி அடைவு வைப்பது நல்லது. ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்பதை அதன் முதலடியால் தேடுகிறவரும் உண்டு, 6.98.1 என்ற திருமுறை, பதிக, பாடல் எண்ணால் தேடுகிறவரும் உண்டு. எண் வரிசையில் அடைவைக் கொடுத்து, பக்கத்தில் முதலடியை எழுதினால் பெரும்பாலும் போதும்.

கடைசியாக அகர வரிசை. தமிழ் வரிசையில் மெய், உயிர்மெய்க்கு முன்னால் வரும். ஆகவே ‘சம்பந்தர்’ முதலில், ‘சமணர்’ அடுத்து. தமிழ் வரிசை தெரியாத மென்பொருள் எழுத்தின் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து இதைத் தலைகீழாக்கிவிடும். ‘ன’வையும் ‘ந’வுக்கு அடுத்து நுழைத்துவிடும். வரிசைப்படுத்திய பிறகு இந்த இரண்டு இடங்களைப் பார்த்தாலே அது சரியாகச் செய்ததா என்று தெரிந்துவிடும்.

அதன்பின் ஒவ்வொரு ‘காண்க’வையும் பின்தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். தலைப்பைத் திருத்தும்போது ‘திருநாவுக்கரசர்’ ‘அப்பர்’ ஆகியிருக்கும். ‘வாகீசர்’ மட்டும் இன்னும் பழைய பெயருக்கே வழிகாட்டிக்கொண்டிருப்பார். அங்கே போனால் எண்கள் இருக்காது, ‘காண்க: அப்பர்’ என்ற இன்னொரு வழிகாட்டிதான் இருக்கும். அதைத் திருத்திய பிறகு, நூலில் ஏதாவது சில பக்கங்களைத் திறந்து, அங்குள்ள செய்தியை என்ன சொல்லால் தேடுவார்கள் என்று யோசித்து, அந்தச் சொல் அடைவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தை மறுபடி படிக்கத்தான் வேண்டும்.