வீடு பார்க்க எல்லாரையும் 4 மணிக்கு வரச் சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேளச்சேரியில் ஒரு மூன்றாவது மாடி வீட்டு வாசலில் 23 ஜோடி செருப்பு கிடந்தது. உள்ளே ஒன்பது குடும்பங்கள், இரண்டு புரோக்கர்கள். படுக்கையறையில், இன்னும் வீட்டைக் காலி செய்யாத குடித்தனக்காரரின் மனைவி கைக்குழந்தையுடன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கதவையும் பத்து நிமிடத்துக்கு ஒருவர் தட்டினார், பார்க்க வந்த இடத்தில் படுக்கையறையைப் பார்க்காமல் எப்படிப் போவது என்று. கீழே விசிட்டர் பார்க்கிங்கில் இரண்டு கார்தான் நிற்கும். மற்றவை தெருவை அடைத்து நின்றதில் எதிர்வீட்டுக்காரர் அசோசியேஷன் செயலாளரைக் கூப்பிட்டுவிட்டார்.

அன்று மாலை இரண்டு குடும்பங்கள் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தன. ஒருவர் வீட்டுக்காரரின் எண்ணுக்கு 5,000 ரூபாய் அனுப்பினார். இன்னொருவர் மாடிப்படியில் வைத்து ஒரு புரோக்கரிடம் 5,000 ரொக்கமாகக் கொடுத்தார். வீடு தனக்குத்தான் என்று இருவருமே சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அந்தப் பஞ்சாயத்து தீர ஒரு வாரம் ஆனது, கடைசியில் வீடு இருவருக்குமே இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளைச் சென்னையில் நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஒரு வருடத்தில் இது நான்காவது முறை. நான்கு முறையும் வீட்டுக்காரர் சொன்ன வாசகம் ஒன்றேதான்: "எல்லாரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லுங்க. கூட்டத்தைப் பார்த்தா போட்டி வரும், வாடகை ஏறும்."

ஏறாது. தயவுசெய்து இதை ஒரு முறை பொறுமையாகக் கேளுங்கள். கூட்டத்தில் முதலில் திரும்பிப் போகிறவர்கள் நீங்கள் எதிர்பார்க்கும் ஆட்கள்தான். அன்று ஒரு வயதான தம்பதி இரண்டாவது மாடி வரை ஏறி வந்து, மேலே இரைச்சலைக் கேட்டுவிட்டு அப்படியே இறங்கிப் போனார்கள். ஓய்வுபெற்றவர்கள், இரண்டு பேர் மட்டும், கேட்ட வாடகைக்குத் தயாராக இருந்தவர்கள். கடைசிவரை நிற்பவர்கள் அவசரத்தில் இருப்பவர்களும் பேரம் பேசுவதில் தேர்ந்தவர்களும்தான். அடுத்து, கூட்டத்தில் பேரம் எல்லார் காதிலும் விழும். வாடகை 24,000 என்று சொல்லியிருந்தோம். கூடத்தில் ஒருவர் உரக்க "22 தர்றேன்" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் 24 என்ற எண்ணை உச்சரிக்கவே இல்லை. தனித்தனியாக வந்திருந்தால் அந்த 22 அவரோடு போயிருக்கும். மூன்றாவது, கூட்டத்தில் யாராலும் வீட்டைப் பார்க்க முடியாது. குழாயைத் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்க முடியாது, சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க முடியாது. அன்று பார்க்காததெல்லாம் குடிவந்த பத்தாம் நாள் உங்கள் போனில் புகாராக வரும்.

சரி, அப்படியானால் ஒவ்வொருவரையும் அவரவருக்கு வசதியான நாளில் வரச் சொல்லலாமா? காலி வீடு என்றால் பரவாயில்லை. ஆள் குடியிருக்கும் வீட்டில் இரண்டு வாரம் தினமும் யாராவது அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருப்பது அவர்களுக்குப் பெரிய தொல்லை. அதனால்தான் ஒரே மதியத்தில் முடிக்கிறோம், ஆனால் நேரம் பிரித்து. அந்த வேளச்சேரி வீட்டையே அடுத்த ஞாயிறு மறுபடி காட்டினோம். எப்படி என்று சொல்கிறேன்.

முதல் வேலை போனிலேயே முடிகிறது. விசாரித்தவர்கள் 31 பேர். வாடகை, மெயின்டெனன்ஸ், அட்வான்ஸ், எந்தத் தேதிக்குக் காலியாகும், கார் நிறுத்த இடம் இல்லை என்பது, போர் தண்ணீரா மெட்ரோ தண்ணீரா, எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். கார் வைத்திருப்பவர்களும் உடனே குடிவர வேண்டியவர்களும் அங்கேயே விலகினார்கள். மீதி 12 பேர். பத்துப் பேருக்கு நேரம் கொடுத்தோம், வேளச்சேரியிலேயே இருக்கும் இருவரைக் காத்திருப்பில் வைத்தோம். வீட்டு வாசலில் நின்றுகொண்டு "பார்க்கிங் இல்லையா?" என்று ஒருவர் கேட்டால் தவறு அவருடையது இல்லை, சொல்லாத நம்முடையது.

இப்போது நேரம். இரண்டு படுக்கையறை வீட்டைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும் என்று கணக்குப் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு குடும்பத்தை வரச் சொல்கிறார்கள். இங்கேதான் எல்லாம் குலைகிறது. கேட்டில் வாட்ச்மேனின் நோட்டில் பெயர் எழுதி, வண்டியை நிறுத்தி, லிஃப்டுக்குக் காத்திருந்து மேலே வர நான்கு நிமிடம். பார்க்கப் பத்து நிமிடம். "பால்கனியில வாஷிங் மெஷின் வைக்கலாமா, எந்தப் பள்ளிக்கூடம் பக்கம்" என்று பேச நான்கைந்து நிமிடம். நீங்களே ஒரு முறை கேட்டிலிருந்து நடந்து, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் நேரம் பிரிக்க வேண்டும். எங்களுக்கு 20 நிமிடம் வந்தது. மூன்று குடும்பத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் யாருக்கும் கொடுக்காமல் விட்டோம். ஆக 2:00, 2:20, 2:40. பிறகு 3:10, 3:30, 3:50. பிறகு 4:20, 4:40, 5:00. கடைசியாக 5:30. அந்தப் பத்து நிமிட இடைவெளியை வீண் என்று நினைத்து இன்னொரு குடும்பத்தைச் செருகாதீர்கள். மதியம் சேர்ந்துகொண்டே போகும் தாமதத்தைக் கரைக்க அது ஒன்றுதான் இருக்கிறது. மார்கழியில் என்றால் எல்லாவற்றையும் அரை மணி முன்னால் தள்ளுங்கள். ஆறு மணிக்குள் இருட்டிவிடும், வெளிச்சம் வராத வீடு என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

ஞாயிறு 4:30 முதல் 6 வரை ராகு காலம். இதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். நேரம் ஒதுக்கும்போதே "ராகு காலத்தில் வரலாமா?" என்று கேட்டுவிடுகிறேன். பார்ப்பவர்களுக்கு முந்தைய நேரம், பார்க்காதவர்களுக்கு 4:40 முதல். கேட்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்றால், சரி என்று சொல்லிவிட்டு 4:20க்கே மூன்று குடும்பம் ஒன்றாக வந்து நிற்கும்.

செய்தியை ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்புங்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லாரையும் சேர்த்துவிட்டால் ஒருவர் எண் இன்னொருவருக்குப் போய்விடும், அது சரியில்லை. நான் அனுப்புவது இதுதான்: "வணக்கம். ஞாயிறு மதியம் 3:10க்கு கேட்டுக்கு வந்துவிடுங்கள். 3:30 வரை வீடு உங்களுக்கு. முடிவெடுக்க வேண்டியவர்கள் எல்லாரும் சேர்ந்தே வாருங்கள். வீட்டில் ஆள் இருக்கிறார்கள், அவர்கள் பொருட்களைப் படம் எடுக்க வேண்டாம். கடைசிக் குடும்பம் பார்த்து முடிக்கும்வரை யாரிடமும் டோக்கன் வாங்க மாட்டோம். இரவு 8 மணிக்குள் எல்லாருக்கும் பதில் சொல்கிறோம்." கேட்டுக்கு வர வேண்டிய நேரத்தைத்தான் சொல்கிறேன், வீட்டுக்குள் வரும் நேரத்தை அல்ல. இந்த ஒரு சொல்லால் மாடிப்படியில் நிற்கும் கூட்டம் இல்லாமல் போகிறது.

அன்று காலை 11 மணிக்கு "வருகிறீர்களா?" என்று ஒரு செய்தி. பன்னிரண்டரை வரை பதில் இல்லை என்றால் ஒரு முறை போன். எடுக்கவில்லை என்றால் அந்த நேரம் காத்திருப்பில் உள்ளவருக்கு. எப்படியும் இரண்டு பேர் வரமாட்டார்கள் என்று ஒரே நேரத்தை இரண்டு குடும்பத்துக்குக் கொடுக்கும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. செய்யாதீர்கள். இருவரும் வந்துவிட்டால் உங்கள் பேச்சுக்கு அன்றோடு மதிப்பு போயிற்று.

தாமதமாக வருபவருக்கு அவர் நேரத்தில் மீதி இருப்பது மட்டும்தான். 3:10க்கு வர வேண்டியவர் 3:18க்கு வந்தால் 3:30 வரை பார்க்கலாம். 3:28க்கு வந்தால் அடுத்த இடைவெளியில், 4:10க்குப் பார்க்கலாம். நேரத்துக்கு வந்தவரை மட்டும் காக்க வைக்கவே கூடாது.

புரோக்கர் நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று. புரோக்கர் பெயரில் நேரம் கொடுப்பதில்லை. வாடிக்கையாளர் பெயரைச் சொன்னால் அவருக்கு நேரம் உண்டு. "எனக்கு 3 மணி போட்டுவிடுங்கள்" என்று வாங்கிக்கொண்டு நான்கு குடும்பத்தை அழைத்து வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு வீட்டுக்கு எத்தனை புரோக்கர் இருந்தாலும் பட்டியல் ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும். அதன் ஒரு பிரதி வாட்ச்மேனிடம்.

டோக்கன் விஷயத்தில் மட்டும் மனம் இளகாதீர்கள். 2 மணிக்கு வந்தவர் வீடு பிடித்துப்போய் அங்கேயே பணத்தை நீட்டுவார். வாங்கிவிட்டால், தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்துகொண்டிருக்கும் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? ஆறு மணி வரை பொறுத்தால் எல்லாரும் பார்த்து முடித்திருப்பார்கள், ராகு காலமும் போயிருக்கும். பணத்தை ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் வாங்குங்கள், அந்த எண்ணை யாருக்கு வீடு என்று முடிவான பிறகு மட்டும் கொடுங்கள்.

அந்த ஞாயிறு பத்தில் எட்டுக் குடும்பம் வந்தது. காத்திருப்பில் இருந்த ஒருவருக்கும் நேரம் கிடைத்தது. எந்த நேரத்திலும் வாசலில் நான்கைந்து ஜோடி செருப்புக்கு மேல் இல்லை. கீழே கேட்டில் என்னுடைய ஆள் ஒருவர், மேலே நான். குடித்தனக்காரர்களிடம் பட்டியலை முந்தைய நாளே கொடுத்து, நகை, பணத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லியிருந்தோம். குழந்தை தூங்கும் நேரத்தைக் கேட்டதில் 4:10 இடைவெளியில் அந்த அம்மா பால் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டார், அதன்பின் வந்தவர்கள் படுக்கையறையைச் சத்தமில்லாமல் எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். மூன்று பேர் 24,000க்கே ஒப்புக்கொண்டார்கள். படியிலேயே திரும்பிப்போன அந்தத் தம்பதியை மறுபடி அழைத்தோம், அதற்குள் அவர்கள் மடிப்பாக்கத்தில் வேறு வீடு பார்த்துவிட்டார்கள்.

வீடு தேடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலைச்சல் எனக்குத் தெரியும். வர முடியாது என்று தெரிந்தவுடன் "வரவில்லை" என்று ஒரே ஒரு சொல் அனுப்பிவிடுங்கள், காரணம் வேண்டாம். அந்த 20 நிமிடத்துக்காக இன்னொரு குடும்பம் பக்கத்துத் தெருவில் கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறது.