இது அரசு கம்பெனியா? மத்திய, மாநில, கூட்டு நிறுவனங்களைச் சரிபார்க்கும் வழி

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் வரும்: வேலை பார்ப்பது அரசிலா, பொதுத்துறையிலா, தனியாரிலா? பெரும்பாலானோர் யோசிக்காமல் டிக் அடித்துவிடுவோம். சென்னை பெட்ரோலியத்தில் வேலை பார்ப்பவருக்கும், கரூர் காகித ஆலையில் வேலை பார்ப்பவருக்கும், சென்னை மெட்ரோவில் வேலை பார்ப்பவருக்கும் மட்டும் அங்கே கொஞ்சம் கை நிற்கும். மூன்றுமே அரசுடையது என்றுதான் ஊரில் பேச்சு. ஆனால் பங்கு யார் கையில், எவ்வளவு என்று பார்த்தால் மூன்றும் மூன்று விதம்.

சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 2(45): செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்தில் குறைந்தது 51 சதவீதம் அரசிடம் இருந்தால் அது அரசு கம்பெனி. அந்த 51 மத்திய அரசிடம் மட்டும் இருக்கலாம், ஒன்றோ பலவோ மாநில அரசுகளிடம் இருக்கலாம், இரு தரப்பும் சேர்ந்தும் வைத்திருக்கலாம். கடைசியில் ஒரு வரி இருக்கிறது, பலர் அதைத் தவறவிடுகிறார்கள்: அப்படிப்பட்ட அரசு கம்பெனியின் துணை நிறுவனமும் அரசு கம்பெனிதான்.

மத்திய, மாநில, கூட்டு என்ற மூன்று வகையும் இந்த வரையறையிலிருந்துதான் வருகின்றன. மத்தியம் என்றால் என்எல்சி, பெல் போன்றவை. மாநிலம் என்றால் டாஸ்மாக், நுகர்பொருள் வாணிபக் கழகம், மாநகரப் போக்குவரத்துக் கழகம். இவற்றில் குழப்பம் அதிகமில்லை. கூட்டு வகைக்கு நம் பக்கத்து நல்ல உதாரணம் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம். 2007 டிசம்பரில் பதிவான இதில் மத்திய அரசும் தமிழ்நாடு அரசும் பாதிக்குப் பாதி. தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் 51 இல்லை. சேர்த்துப் பார்த்தால் 100. அதனால் அரசு கம்பெனி என்பதில் சந்தேகமே இல்லை.

'கூட்டு' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு, வில்லங்கம் அங்கேதான். அரசும் தனியாரும் சேர்ந்து தொடங்கும் கம்பெனியையும் கூட்டுத் துறை என்பார்கள். தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ இப்படிப் பல கம்பெனிகளில் பணம் போட்டது. டைட்டன் தெரியும் இல்லையா, ஓசூர் வாட்ச் கம்பெனி? அதில் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம், டாடா குழுமத்தின் பங்கு சுமார் 25 சதவீதம். தமிழக அரசின் நிறுவனம்தான் பெரிய பங்குதாரர். ஆனாலும் 51 இல்லாததால் டைட்டன் அரசு கம்பெனி ஆகாது. டாடா கம்பெனி என்று ஊர் சொல்வது இங்கே சரிதான்.

சரி, ஒரு கம்பெனியை எடுத்துச் சரிபார்ப்பது எப்படி? மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியத்தையே எடுத்துக்கொள்வோம், பழைய மெட்ராஸ் ரிஃபைனரீஸ்.

முதல் வேலை, கம்பெனியின் முழுப் பெயரையும், சிஐஎன் என்ற கம்பெனி அடையாள எண்ணையும் எடுப்பது. லெட்டர்ஹெட், பில், அறிவிப்பு எல்லாவற்றிலும் இந்த எண்ணை அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் சம்பள ஆர்டரிலோ வேலைக் கடிதத்திலோ அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இந்தக் கம்பெனிக்கு அது இப்படி:

```
L40101TN1965GOI005389
```

மொத்தம் 21 எழுத்துகள். முதல் `L` பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்பதற்கு. பட்டியலிடப்படாததற்கு `U` வரும். அடுத்த ஐந்து இலக்கம் தொழில் வகை. `TN` பதிவான மாநிலம். `1965` தொடங்கிய ஆண்டு. அடுத்து வரும் மூன்று எழுத்துதான் நமக்கு வேண்டியது. `GOI` என்றால் மத்திய அரசு கம்பெனி, `SGC` என்றால் மாநில அரசு கம்பெனி, `PLC` என்றால் பொதுப் பங்கு கம்பெனி, `PTC` என்றால் பிரைவேட் லிமிடெட். கடைசி ஆறும் பதிவு எண்.

இந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும் முடிவு கட்டிவிடக் கூடாது. அது ஒரு துப்பு, அவ்வளவுதான். பாதிக்குப் பாதி கூட்டுக்கு என்று தனி எழுத்தே கிடையாது. சென்னை மெட்ரோவின் எண்ணில் `SGC` இருக்கிறது; அதே 50-50 ஏற்பாட்டில் நடக்கும் டெல்லி மெட்ரோவின் எண்ணில் `GOI` இருக்கிறது. எழுத்தை மட்டும் பார்ப்பவர் ஒன்றை மாநில நிறுவனம் என்பார், மற்றதை மத்திய நிறுவனம் என்பார்.

அதனால் இரண்டாவது வேலை, பங்குப் பட்டியலைப் பார்ப்பது. பட்டியலிடப்பட்ட கம்பெனி என்றால் இது இலவசம். ஒவ்வொரு காலாண்டும் முடிந்த 21 நாளுக்குள் பங்குச் சந்தைக்கு இதைத் தாக்கல் செய்தாக வேண்டும். பிஎஸ்இ அல்லது என்எஸ்இ தளத்தில் கம்பெனி பெயரைத் தேடி `Shareholding Pattern` என்ற பக்கத்தைத் திறந்தால் போதும். அங்கே 'மத்திய அரசு' என்று பெயர் தேடினால் ஏமாறுவீர்கள். மத்திய அரசு தன் பங்குகளைக் குடியரசுத் தலைவர் பெயரில்தான் வைத்திருக்கும். `President of India` என்று வரும். மாநிலம் என்றால் ஆளுநர் பெயரில்.

சென்னை பெட்ரோலியத்தின் பட்டியலில் நிறுவனர் தரப்பு மொத்தம் 67.29 சதவீதம் என்று காட்டும். அதை அப்படியே அரசுப் பங்கு என்று எழுதிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. வரியைப் பிரித்துப் பார்த்தால் இந்தியன் ஆயிலுக்கு 51.89, நாஃப்டிரான் என்ற ஈரான் தரப்பு நிறுவனத்துக்கு 15.40. குடியரசுத் தலைவர் பெயரில் நேரடியாக ஒன்றும் இல்லை. அப்படியானால் அரசு கம்பெனி இல்லையா?

அப்புறம் ஒரு படி மேலே போக வேண்டும். இந்தியன் ஆயிலின் பட்டியலைத் திறந்தால் அங்கே குடியரசுத் தலைவர் பெயரில் 51.50 சதவீதம். ஆக இந்தியன் ஆயில் அரசு கம்பெனி. அது சென்னை பெட்ரோலியத்தில் பாதிக்கு மேல் வைத்திருப்பதால் இது அதன் துணை நிறுவனம். பிரிவு 2(45)-இன் கடைசி வரிப்படி, சென்னை பெட்ரோலியமும் அரசு கம்பெனி.

இங்கே கணக்குப் புலிகள் சிலர் பெருக்கிப் பார்ப்பார்கள். 51.50-ஐ 51.89-ஆல் பெருக்கினால் அரசுக்கு உள்ளபடி சேரும் பங்கு சுமார் 26.7 சதவீதம்தானே, எப்படி அரசு கம்பெனி ஆகும் என்பார்கள். லாபத்தில் யாருக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அந்தப் பெருக்கல் பொருந்தும். அரசு கம்பெனியா என்ற கேள்விக்குப் பொருந்தாது. சட்டம் படிப்படியாகத்தான் பார்க்கிறது: மேலே இருப்பது அரசு கம்பெனியா, கீழே இருப்பது அதன் துணை நிறுவனமா. இரண்டுக்கும் ஆம் என்றால் போதும்.

இப்போது கரூர் மாவட்டம் காகிதபுரத்துக்கு வருவோம். தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், டிஎன்பிஎல். அரசு தொடங்கியது, ஐஏஎஸ் அதிகாரிதான் நிர்வாக இயக்குநர், பெயரிலேயே தமிழ்நாடு. ஆனால் மாநில அரசின் பங்கு 35.32 சதவீதம், சிஐஎன் எண்ணில் `PLC`. 51 என்ற அளவுகோலில் இது தேறாது. அதற்காகச் சாதாரணத் தனியார் கம்பெனி என்றும் தள்ளிவிட முடியாது. பங்கு குறைவாக இருந்தாலும் இயக்குநர்களை நியமிக்கும் அதிகாரமோ கொள்கை முடிவெடுக்கும் அதிகாரமோ அரசிடம் இருந்தால் அதை அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கம்பெனி என்று சட்டம் தனியாகப் பார்க்கிறது. தணிக்கையாளரை யார் நியமிப்பது என்று சொல்லும் பிரிவு 139(5), அரசு கம்பெனிகளோடு இவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே படிவத்தில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். 'அரசு கம்பெனி' என்று கேட்டால் ஒரு பதில், 'அரசின் கட்டுப்பாட்டில் உள்ளது' என்று கேட்டால் வேறு பதில் வரலாம்.

பட்டியலிடப்படாத கம்பெனிக்குப் பங்குச் சந்தைப் பக்கம் கிடையாது. அதற்குக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் `mca.gov.in` தளம்தான் வழி. கணக்கு ஒன்று தொடங்கி, 100 ரூபாய் கட்டினால் அந்தக் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். அதில் `MGT-7` என்ற ஆண்டு விவரப் படிவத்தைத் திறந்தால் பங்கு விவரத்தில் மத்திய அரசு, மாநில அரசு, அரசு கம்பெனிகள் என்று தனித்தனி வரி இருக்கும். எனக்கு இதைவிடப் பிடித்த குறுக்குவழி ஒன்று உண்டு: கம்பெனியின் ஆண்டறிக்கையில் கடைசிப் பக்கங்களைப் புரட்டுவது. அரசு கம்பெனி என்றால் அதன் கணக்கு மீது சிஏஜி, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், பிரிவு 143(6)-இன் கீழ் தரும் குறிப்பு அங்கே இணைந்திருக்கும். தனியார் கம்பெனிக்கு அது வராது.

சிஐஎன் எண்ணையே தேடக் கூடாத இடமும் உண்டு. எல்ஐசி, உணவுக் கழகம், ஸ்டேட் பேங்க் ஆகியவை தனித்தனிச் சட்டத்தால் உருவானவை. கம்பெனிகள் சட்டத்தில் பதிவானவை அல்ல. அவற்றுக்கு அந்தந்தச் சட்டமே அத்தாட்சி. ரயில்வேயும் தபால் துறையும் அரசின் துறைகள். ஆவின் கூட்டுறவு. இவையெல்லாம் அரசு சார்ந்தவைதான், ஆனால் அரசு கம்பெனி இல்லை. மறுபக்கம், பெயரில் பாரத் என்றோ நேஷனல் என்றோ இருப்பது எதற்கும் அத்தாட்சி இல்லை. வேலைக் கடிதத்தில் சிங்க முத்திரையும் 'இந்திய அரசு நிறுவனம்' என்ற வரியும் இருந்து, எங்கும் சிஐஎன் இல்லை, எந்தச் சட்டத்தில் உருவானது என்ற தகவலும் இல்லை என்றால் பணம் எதையும் கட்டாதீர்கள்.

கடைசியாகத் தேதி. பங்கு கைமாறும். பால்கோ அலுமினிய நிறுவனத்தின் 51 சதவீதம் 2001-இல் ஸ்டெர்லைட்டிடம் போனது. அரசிடம் 49 மிஞ்சியும் அது அரசு கம்பெனி இல்லை என்றாகிவிட்டது. ஏர் இந்தியா 2022 ஜனவரி 27 அன்று டாடா குழுமத்திடம் போனது. அதனால் முன் அனுபவச் சான்றிதழ் சரிபார்க்கும்போது இன்றைய பங்குப் பட்டியலைப் பார்த்தால் தப்பாகும். 2015 முதல் 2020 வரை ஏர் இந்தியாவில் இருந்தவர் அந்த ஐந்து ஆண்டும் மத்தியப் பொதுத்துறை ஊழியர்தான். அவருக்கு வேண்டியது அந்த ஆண்டுகளின் ஆண்டறிக்கை.