காசு கொடுக்கும் முன் 14422க்கு ஒரு எஸ்எம்எஸ்: போலி போனை அது எவ்வளவு தூரம் காட்டிக்கொடுக்கும்?

அக்கா மகன் போன மாதம் ஒரு விளம்பரத்தைக் காட்டினான். கடையில் நாற்பதாயிரத்துக்குக் குறையாத ஒரு பெரிய பிராண்டு போன், 12 ஜிபி ரேம், 256 ஜிபி ஸ்டோரேஜ், பதினேழாயிரம் ரூபாய். "சீல் பிரிக்காத பாக்ஸ், பில் மட்டும் இல்ல, கிண்டி மெட்ரோ வாசலுக்கு வந்தா வாங்கிக்கலாம்" என்று விற்பவர் சொல்லியிருந்தார். இரண்டு வருடம் முன்பு இதே மாதிரி ஒரு பேரத்தில் நானே ஏமாந்தவன் என்பதால், "தனியாப் போகாத, நானும் வர்றேன்" என்றேன்.

அன்று அங்கே நாங்கள் முதலில் செய்த காரியம் அரசாங்கம் இலவசமாகத் தரும் ஒரு வசதி. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளம் 2023 மே மாதம் வந்தது. தொலைந்த போனை முடக்கத்தான் பலருக்கும் அதைத் தெரியும். அதிலேயே KYM, அதாவது Know Your Mobile என்று ஒன்று இருக்கிறது, கையில் இருக்கும் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ சரியானதா என்று பார்ப்பதற்கு. sancharsaathi.gov.in தளத்திலோ ஆப்பிலோ பார்க்கலாம், ஆனால் ரோட்டில் நின்றுகொண்டு பார்க்க எஸ்எம்எஸ் போதும். உங்கள் சொந்த போனிலிருந்து 14422 என்ற எண்ணுக்கு இப்படி அனுப்ப வேண்டும்:

```
KYM <15 இலக்க ஐஎம்இஐ>
```

(அந்த ஆப்பை எல்லாப் புது போனிலும் கட்டாயம் போட்டே விற்க வேண்டும் என்று 2025 கடைசியில் ஒரு உத்தரவு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் கட்டாயம் இல்லை என்று ஆனது ஞாபகம் இருக்கலாம். ஆப் வேண்டாம் என்பவர்களுக்கு எஸ்எம்எஸ் வழி அப்படியே இருக்கிறது.)

ஐஎம்இஐ எண்ணை எங்கே எடுப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பாக்ஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் வெறும் காகிதம், யாரும் அச்சடிக்கலாம். போனை ஆன் செய்து, டயல் போடும் இடத்தில் `*#06#` அடித்தால் திரையில் வருவதுதான் போன் நெட்வொர்க்கிடம் சொல்லும் எண். சிம் போட வேண்டியதில்லை. இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண் வரும், இரண்டும் வேறு வேறாக இருக்க வேண்டும், இரண்டும் பாக்ஸில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். மலிவான போலிகளில் இரண்டு இடத்திலும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அப்படி இருந்தால் எஸ்எம்எஸ் கூட அனுப்ப வேண்டாம், கிளம்பிவிடலாம்.

அந்த 15 இலக்கத்தில் முதல் 8 இலக்கம் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்பதைச் சொல்லும். அடுத்த 6 அந்த ஒரு போனுக்கே உரிய வரிசை எண், கடைசி ஒன்று மற்ற இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு வருவது. அதனால்தான் பதிலில் பிராண்டும் மாடலும் வருகிறது. விலையுயர்ந்த போன் என்று கொடுத்ததற்கு யாரோ ஒரு கம்பெனியின் பட்டன் போன் பெயர் வந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால் வாங்காதீர்கள் என்று துறையே சொல்கிறது.

சரி, கிண்டியில் எங்களுக்கு என்ன பதில் வந்தது? பிராண்டு சரி, மாடல் சரி, எண்ணும் செல்லும். பையன் முகம் மலர்ந்துவிட்டது, விற்பவர் "பாத்தீங்களா அண்ணே" என்றார்.

இங்கேதான் இந்த வசதியின் எல்லை. KYM சோதிப்பது எண்ணை, போனை இல்லை. எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு அசல் போனின் எண்ணைத் திருடி இதில் ஏற்றியிருந்தால், அந்த எண் உண்மையானதுதானே, பதிலும் நல்லபடியாகத்தான் வரும். அது டூப்ளிகேட் என்று இன்னும் பதிவாகாமல் இருக்கலாம். பின்னால் அசல் போனின் சொந்தக்காரர் போனைத் தொலைத்துவிட்டு முடக்கச் சொன்னால், அதே எண் உள்ள உங்கள் போனிலும் சிக்னல் போய்விடும். ரேம் 12 ஜிபியா 3 ஜிபியா என்பதெல்லாம் KYM பதிலில் வரவே வராது.

போனின் செட்டிங்ஸ் பக்கத்தில் ரேம், ஸ்டோரேஜ் பார்த்துத் திருப்திப்படுவதிலும் பயனில்லை. அங்கே வருவது சாஃப்ட்வேர் எழுதிக் காட்டும் எழுத்து, போலி செய்பவர்கள் முதலில் மாற்றுவதே அதைத்தான். உள்ளே 32 ஜிபி இருக்கும், திரையில் 256 என்று வரும், படங்களும் வீடியோவும் நிரம்ப ஆரம்பித்ததும் பழைய ஃபைல்கள் திறக்காமல் போகும். எனக்கு நடந்தது அதுதான்.

அதனால் நான் அன்று செய்தது ஒரு ஸ்க்ரீன்ஷாட். எடுத்து, கேலரியில் அதன் விவரத்தைத் திறந்தால் எத்தனை பிக்சல் என்று வரும். கம்பெனி தளத்தில் அந்த மாடலுக்கு 1080 x 2340 என்று இருந்தது, இதில் வந்தது 720 x 1600. (சில அசல் போன்களில் திரையின் தெளிவைக் குறைத்து வைக்கும் வசதி உண்டு, ஆகவே செட்டிங்ஸில் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதில் அப்படி எதுவும் இல்லை.) அப்புறம் ஹாட்ஸ்பாட் கொடுத்து, ஒன்றுக்கும் உதவாத ஒரு பழைய கூகுள் கணக்கை வைத்து ப்ளே ஸ்டோரில் நுழைந்தேன். உங்கள் முக்கியக் கணக்கை மட்டும் இப்படிப்பட்ட போனில் போட்டுவிடாதீர்கள். ப்ளே ஸ்டோரின் `Settings`, அதில் `About`, அங்கே `Play Protect certification` என்ற வரி. `Device is certified` என்று இருக்க வேண்டும். இதில் `Device is not certified` என்று இருந்தது. கடையிலிருந்து வரும் அசல் பிராண்டு ஆண்ட்ராய்டு போனில் அப்படி வரக் கூடாது. நான் திரையைத் திருப்பிக் காட்டியதும் அவர் ஒன்றும் பேசாமல் போனை பாக்ஸில் வைத்து மூடினார். ஐபோன் என்று தரப்படும் போனில் ஆப் ஸ்டோரைத் தொட்டால் ப்ளே ஸ்டோர் திறக்கிறது என்றால் அதற்கு மேல் சோதனையே தேவையில்லை.

ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ வாங்கினாலும் இதே வரிசைதான். கூடவே, ஐஎம்இஐ எழுதிய பில் கேளுங்கள். பில் தர மறுக்கும் கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன், ஏனென்றால் பின்னால் சட்டம் உங்கள் பக்கம் வர அந்தத் தாள்தான் வழி. ஆன்லைனில் டெலிவரி ஆள் முன்னாலேயே பெட்டியைப் பிரித்துக் காட்டும் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, `*#06#` பார்த்த பிறகு ஓடிபி சொல்லுங்கள். 2020இன் இ-காமர்ஸ் விதிகளின்படி பொருள் போலியாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாவிட்டாலோ விற்பவர் திரும்ப எடுக்கவும் பணம் தரவும் மறுக்க முடியாது. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போக வேண்டும்.

ஐஎம்இஐயை மாற்றுவது 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 வருடம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம் என்ற அளவுக்குக் குற்றம். கிண்டியில் இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆள் மெட்ரோ படிக்கட்டில் ஏறிவிட்டார்.